ஆங்கிலத்தில் எழுதிய அஞ்சலியை யாழ்ப்பாணப் பத்திரிகைக்கு மரண அறிவித்தலாக மாற்றுகிறேன்: உறவுமுறையில் மாட்டிக்கொண்டேன்

வேப்பமரத்தடி
வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் போன செவ்வாய் இரவு ஒன்பதரைக்குத் தவறிவிட்டார். வயது 84. மகன் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்து, “அக்கா, இதை அப்படியே தமிழாக்கி ஊர்ப் பேப்பருக்கு அனுப்பவேணும்” என்கிறார். நான் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மொழிபெயர்க்கிற ஆள். இது வேறு உலகம் என்று முதல் பந்தியிலேயே தெரிந்துவிட்டது.

பெயர்களை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். அம்மா புங்குடுதீவு. கணவர் முன்பே காலமானவர். மூன்று பிள்ளைகள். ஆங்கிலத்தில் “சர்வைவ்ட் பை” என்று தொடங்கி மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று வரிசை போகிறது. பிறகு ‘ஐந்து பேரின் சிஸ்டர் இன் லோ, ஏழு பேரின் அன்பான ஆன்ட்’. நான் “ஏழு பேரின் அத்தை” என்று எழுதிவிட்டு, எழுதிய கையோடு அழித்தேன். யாழ்ப்பாணத்தில் யார் அத்தை என்கிறார்கள்?

இன்னொன்று: “புற்றுநோயுடன் வீரத்துடன் போராடி அமைதியாக விடைபெற்றார்” என்று முதல் வரி வைத்திருக்கிறேன். சரியா? நாளை பின்னேரத்துக்குள் அனுப்பவேண்டும்.

தேனி ராசா
மேடம், முதல்ல ‘விடைபெற்றார்’ வேண்டாம், ரிட்டயர்மென்ட் மாதிரி இருக்கு. ‘இயற்கை எய்தினார்’னு போடுங்க. கௌரவமான சொல், எல்லா மதத்துக்கும் பொருந்தும். உறவுமுறைக்கு ரொம்ப யோசிக்காதீங்க. சிஸ்டர் இன் லோன்னா மைத்துனி. அது எல்லாரையும் உள்ளடக்கிடும்.

பழைய அச்சுக்காரன்
பிள்ளை வேப்பமரத்தடி, உமக்கு நேரமில்லை என்றபடியால் முதலில் அந்த முதல் வரியை எடும். ஊர்ப் பேப்பரில் மரண அறிவித்தலில் ‘வீரம்’, ‘போராடி’ இரண்டும் ஒரே வரியில் வந்தால் வாசிக்கிறவன் புற்றுநோயை நினைக்கமாட்டான். வீரச்சாவு என்ற சொல் எங்கட பக்கத்தில் எதற்குப் புழங்கியது என்று உமக்குத் தெரியும். 84 வயது அம்மாவுக்கு அது பொருந்தாது. நோயின் பெயரும் அறிவித்தலில் போடுகிற வழக்கமில்லை. கட்டாயம் சொல்லவேண்டுமென்று பிள்ளைகள் நின்றால் ‘சுகவீனம் காரணமாக’ போதும்.

நான் 22 வருஷம் ஒரு பத்திரிகையில் விளம்பரப் பகுதியில் இருந்தவன். தினமும் இந்தக் கடதாசிகள்தான் மேசைக்கு வரும். தேனி தம்பி சொன்ன ‘இயற்கை எய்தினார்’ தமிழ்நாட்டில் பகுத்தறிவு இயக்கக்காரர் விரும்பிப் போடுவது. பிழையான சொல் இல்லை. ஆனால் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் உபயம் செய்த சைவக்காரி அம்மாவுக்கு அதைப் போட்டால் ஊரில் கேட்பார்கள். ‘இறைபதம் அடைந்தார்’, ‘சிவபதம் அடைந்தார்’. அதில் ஒன்று. வேதக்காரர் என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’. எதுவும் தெரியாவிட்டால் ‘காலமானார்’. அதைப் போட்டு யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இனி உறவுமுறை. உமக்கு எங்கே முட்டுகிறது தெரியுமா? ஆங்கிலத்தில் பெரும்பாலும் செத்தவர் நடுவில் இருக்க, அவருக்கு மற்றவர்கள் யார் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்: மகன் இன்னார், மருமகன் இன்னார். எங்கட அறிவித்தல் நேர் எதிர். ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவருக்கு இந்த அம்மா யார் என்று முடிக்கவேணும். ‘இன்னார், இன்னார் ஆகியோரின் அன்புத் தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும்’ என்று போய், கடைசியில் ஒரே ஒரு ‘ஆவார்’. அரைப் பக்க வசனத்துக்கு ஒரே வினைமுற்று. அதனால் நீர் சொல்லைச் சொல்லாக மாற்றினால் வராது. உறவைத் திருப்பிப்போடவேணும்.

அந்த ஏழு பேரையும் யார் யாரின் பிள்ளைகள் என்று கேட்டு எழுதும். பிறகு பேசுவோம்.

கும்பகோணம் வாசகி
நானும் இதே சிக்கலில் இருந்திருக்கேன். எங்க பெரியப்பா போனப்போ இங்கிலீஷ் பேப்பருக்கு நான்தான் எழுதினேன். ‘சம்பந்தி’க்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்லை. கடைசில விட்டுட்டோம், சம்பந்தி மாமா ரெண்டு மாசம் பேசல. நீங்க நெவ்யூ, நீஸ்னு பொதுவா போட்டுடுங்க, இங்கிலீஷ்ல அதுக்குமேல கேக்க மாட்டாங்க.

வேப்பமரத்தடி
@கும்பகோணம் வாசகி நன்றி அக்கா, ஆனால் நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. பொதுவாகப் போட முடிந்தால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன்.

@பழைய அச்சுக்காரன் அண்ணை, மகனைக் கேட்டேன். அவருக்கே முழுதாகத் தெரியவில்லை. பிறகு மொன்றியலில் இருக்கிற ஒரு மாமியை எடுத்துக் கேட்டோம். ஏழு பேரில் மூவர் அம்மாவின் தம்பியின் பிள்ளைகள். இருவர் தங்கையின் பிள்ளைகள். மற்ற இருவர் கணவரின் தமையனின் பிள்ளைகள்.

அம்மா யாருக்கு சிஸ்டர் இன் லோவோ அந்த ஐந்து பேர்: தம்பியின் மனைவி, தங்கையின் கணவர், கணவரின் தமையன் (இவர் காலமாகிவிட்டார்), அந்தத் தமையனின் மனைவி, கணவரின் தங்கை.

பழைய அச்சுக்காரன்
இப்ப சரி. தம்பியின் பிள்ளைகள் மூவருக்கும் அம்மா மாமி. தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் பெரியம்மா, அறிவித்தல் மொழியில் ‘பெரியதாயார்’. கணவரின் தமையனின் பிள்ளைகளுக்குச் சின்னம்மா, அதாவது ‘சிறியதாயார்’. ஆக ஆங்கிலத்தில் ஒரு சொல், எங்களுக்கு மூன்று வரி.

இதில் இரண்டு பொறி இருக்கு. மருமகனுக்கு ‘மாமியார்’ என்றும், தம்பியின் பிள்ளைகளுக்கு ‘மாமி’ என்றும் போடும். இரண்டையும் மாமி என்று எழுதினால் தம்பியின் மகன் மகளைக் கட்டினவன் என்று ஆகிவிடும். எங்கட ஊரில் அப்படி நடக்கிறதுதானே, யாரும் பிழை என்றுகூட நினைக்கமாட்டார்கள், அப்படியே நம்பிவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

மற்றது அந்த ஐந்து பேர். தேனி தம்பி, மைத்துனி எல்லாரையும் உள்ளடக்காது. நாலு பேருக்கு மைத்துனி சரி. கணவரின் தமையனின் மனைவிக்கு இவர் மைத்துனி இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு மருமக்களாக வந்தவர்கள். எங்கட அறிவித்தல்களில் ‘சகலி’ என்று போடுவது.

தேனி ராசா
ஓ, நீங்க சொல்றது ஓரகத்தி. எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆனா பேப்பர்ல போட்டு நான் பார்த்ததில்ல. எங்க ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்டோ பெருசா இருக்கும், கீழ “இவண்: மகன்கள், மகள்கள், பேரன், பேத்திகள்”னு பேரை மட்டும் அடிச்சுடுவாங்க. இவ்வளவு கணக்கு எங்களுக்கு இல்லை. ஒத்துக்கறேன்.

லாச்சப்பல் தம்பி
இதை இப்பதான் பார்த்தேன். அக்கா, தயவுசெய்து ‘காலஞ்சென்ற’ விஷயத்தில் கவனம். போன வருஷம் அப்பா மோசம் போனபோது நான்தான் பாரிசிலிருந்து எழுதி அனுப்பினேன். அப்பாவோடு கூடப்பிறந்தவர்கள் நாலு பேர், மூத்தவர் மட்டும் இல்லை. நான் எழுதியது: ‘காலஞ்சென்ற’ என்று போட்டு நாலு பெயரையும் காற்புள்ளி வைத்து அடுக்கி ‘ஆகியோரின் அன்புச் சகோதரரும்’.

விடிய ஆறு மணிக்கு சின்னச் சித்தப்பா வவுனியாவிலிருந்து போன். “தம்பி, நான் செத்திட்டனாம், கடையடியில சொல்லினம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சித்தி சிரிக்கவில்லை. இன்றைக்கும் என்னோடு அளவாகத்தான் கதைக்கிறா.

பழைய அச்சுக்காரன்
இது வாராவாரம் வருகிற பிழை. காலஞ்சென்ற என்ற சொல் எந்தப் பெயரோடு முடிகிறது என்று கடதாசியில் தெரியாது. ஒருவர் மட்டும் இல்லை என்றால் ‘காலஞ்சென்ற இன்னார் மற்றும் இன்னார், இன்னார் ஆகியோரின்’ என்று அந்த ‘மற்றும்’ கட்டாயம் வரவேணும். இரண்டு பேர் இல்லை என்றால் ‘காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் மற்றும்’. பக்கம் கட்டுகிறவர் இடம் போதவில்லை என்று அந்த ‘மற்றும்’ என்பதை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போடுவார். அவருக்கு அது ஒரு சொல். அதனால் அனுப்பும்போதே “மற்றும் என்பதை எடுக்கவேண்டாம்” என்று கீழே எழுதிவிடும். புரூஃப் கேட்டு வாங்கும்.

லாச்சப்பல் தம்பி
அதைவிட லேசான வழி: இருக்கிறவர்களை முன்னால் போட்டு, இல்லாதவரைக் கடைசியில் ‘காலஞ்சென்ற இன்னார் ஆகியோரின்’ என்று முடித்தால் குழப்பமே இல்லை. அப்பாவின் ஆட்டத்திவசத்துக்கு அப்படித்தான் போடப்போகிறேன்.

பழைய அச்சுக்காரன்
குழப்பம் இல்லைத்தான். ஆனால் மூத்தவர் கடைசியில் வருவார். பெயர்கள் பிறந்த வரிசையில் வரவேணும் என்று பார்க்கிற வீடுகள் இருக்கு. வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்யும்.

வேப்பமரத்தடி
எங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படுகிறது. கணவரின் தமையன் மட்டும் காலமானவர், மற்ற மூவரும் இருக்கிறார்கள். மற்றும் போட்டே எழுதுகிறேன்.

இப்போது நான் எழுதியிருப்பது இது. பெயர் வரும் இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன்.

“யாழ். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும், கனடா ஸ்காபரோவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட திருமதி … அவர்கள் செவ்வாய்க்கிழமை இறைபதம் அடைந்தார். அன்னார், காலஞ்சென்ற … தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்ற … தம்பதிகளின் அன்பு மருமகளும், காலஞ்சென்ற … அவர்களின் அன்பு மனைவியும், …, …, … ஆகியோரின் பாசமிகு தாயாரும், …, … ஆகியோரின் அன்பு மாமியாரும், …, … ஆகியோரின் அன்புச் சகோதரியும், காலஞ்சென்ற … மற்றும் …, …, … ஆகியோரின் மைத்துனியும், … அவர்களின் சகலியும், …, …, … ஆகியோரின் அன்பு மாமியும், …, … ஆகியோரின் பெரியதாயாரும், …, … ஆகியோரின் சிறியதாயாரும், …, …, …, … ஆகியோரின் பாசமிகு பேர்த்தியும் ஆவார்.”

தேனி ராசா
மேடம் கடைசில ஒரு தப்பு. ‘பேர்த்தியும்’னு இருக்கு. 84 வயசு அம்மா எப்படி பேத்தி ஆவாங்க? பாட்டின்னு மாத்துங்க.

வேப்பமரத்தடி
இல்லை தம்பி, அது சரிதான். எங்கட அறிவித்தல்களில் பாட்டியைத்தான் பேர்த்தி என்று போடுவது, பாட்டாவைப் பேரன் என்று. அதற்கு மேலே பூட்டன், பூட்டி. சின்ன வயதில் பேப்பர் வாசிக்கும்போது நானும் குழம்பியிருக்கிறேன்.

தேனி ராசா
அட! அப்ப நீங்க ‘பேரன் இறந்துட்டார்’னு போட்டா நாங்க சின்னப் பையன்னு நினைச்சு அழுதிருப்போமே.

பழைய அச்சுக்காரன்
நல்லா இருக்கு பிள்ளை. மூன்று இடம் பார்க்கவேணும்.

முதலாவது, மகள், மருமகள் இரண்டு இடத்திலும் ‘காலஞ்சென்ற … தம்பதிகளின்’ என்று இருக்கு. தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லையென்றால் ‘காலஞ்சென்றவர்களான’. 84 வயதுக்கு எப்படியும் இருக்கமாட்டார்கள்தான், ஆனாலும் அதுதான் முறை.

இரண்டாவது, புங்குடுதீவு என்று மட்டும் போட்டால் போதாது. எத்தனையாம் வட்டாரம் என்று கேளும். பெயரை வைத்து ஊரில் அடையாளம் காணமாட்டார்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வட்டாரமும் தகப்பன் பெயரும் சேர்ந்தால்தான் “ஓ, அவவோ” என்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்காபரோவைச் சேர்ந்த’ என்று மட்டும் இருந்திருக்கும், என்ன?

மூன்றாவது, பிள்ளைகள் மூன்று, மருமக்கள் இரண்டு. ஒரு பிள்ளை கல்யாணம் கட்டவில்லையா? ஏன் கேட்கிறேன் என்றால், வாசிக்கிறவர்கள் முதல் பிள்ளைக்கு முதல் மருமகன், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று வரிசையாகப் பொருத்திக்கொண்டு போவார்கள். நடுவில் ஒரு பிள்ளைக்கு ஆள் இல்லையென்றால் அடுத்தவரின் மனைவி இவருக்குப் போய்ச் சேருவா.

வேப்பமரத்தடி
ஆங்கிலத்தில் ஸ்காபரோ மட்டும்தான், அப்படியே. வட்டாரம் மொன்றியல் மாமிக்குத் தெரிந்திருந்தது, 8ம் வட்டாரம். சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது கேள்விதான் வில்லங்கம். நடு மகன் கல்யாணம் எழுதவில்லை, ஆனால் எட்டு வருஷமாக ஒருவரோடு வாழ்கிறார். வெள்ளைக்காரப் பிள்ளை. ஆங்கிலக் குறிப்பில் அவரின் பெயருக்குப் பின்னால் ‘பார்ட்னர்’ என்று இருக்கிறது. அந்தப் பிள்ளைதான் கடைசி ஆறு மாதமும் அம்மாவுக்குச் சாப்பாடு தீத்தினது. மூத்த மகள், அந்தப் பிள்ளையின் பெயரைப் போடவேண்டாம் என்கிறா. நடு மகன் போடாவிட்டால் தன் பெயரையும் எடு என்கிறார்.

லாச்சப்பல் தம்பி
மருமகள் என்று போடுங்கோ. யார் சேட்டிபிக்கற் கேட்கப்போகிறார்கள்?

கும்பகோணம் வாசகி
அந்தம்மா அவளை என்னன்னு கூப்பிட்டாங்க? அதுதான் முக்கியம்.

வேப்பமரத்தடி
“பிள்ளை” என்றுதான். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவா.

பழைய அச்சுக்காரன்
மாமியாரும் என்ற வரியில் மூன்று பெயரையும் பிள்ளைகளின் வரிசையில் போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இது எழுதுகிறவர் முடிவு செய்கிற விஷயமில்லை. நான் மேசையில் இருந்த காலத்தில் இப்படி வந்தால் கடதாசியைத் திருப்பிக் குடும்பத்திடம் கொடுத்துவிடுவேன். நீரும் கொடும். தகப்பனின் இரண்டாம் குடும்பம் வந்த கதைகள் எல்லாம் இருக்கு, இங்கே வேண்டாம்.

பேரப்பிள்ளைகளின் பெயர் எப்படி எழுதினீர்?

வேப்பமரத்தடி
ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான். ஏன்?

பழைய அச்சுக்காரன்
ஒவ்வொருவரையும் எடுத்துக் கேளும். வாணியும் வானியும் ஆங்கிலத்தில் ஒன்று. கலா, களா, காலா மூன்றும் ஒன்று. மாயா என்று ஒரு பிள்ளை, தமிழில் மாயாவா மயாவா? தாய் தகப்பன் சாதகத்தில் எழுதின தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும், அதுதான் சரி. பெயர் பிழைத்தால் திருத்தம் போட முடியாது, அடுத்த நாள் செத்தவீடு முடிந்துவிடும்.

வேப்பமரத்தடி
கேட்டேன். இரண்டு பெயர் பிழையாகத்தான் எழுதியிருந்தேன்.

திகதியும் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கோ. இங்கே செவ்வாய் இரவு ஒன்பதரை, ஊரில் அப்போது புதன் காலை ஏழு.

பழைய அச்சுக்காரன்
மோசம் போன இடத்துத் திகதிதான். செவ்வாய். ஊரில் போடுகிறபடியால் புதன் என்று மாற்றவேண்டாம், இறப்பு அத்தாட்சியோடு இடிக்கும்.

லாச்சப்பல் தம்பி
அப்ப திதி? எங்களுக்கு அதில்தான் பெரிய பிரச்சினை. அப்பா போனது பாரிசில் பின்னேரம். ஊர்ப் பஞ்சாங்கப்படி அடுத்த திதி என்று அங்கத்தை ஐயர் சொன்னார். இங்கத்தை ஐயர் பாரிஸ் பஞ்சாங்கப்படி முந்தின திதி என்கிறார். அம்மா இரண்டு நாளும் விரதம்.

பழைய அச்சுக்காரன்
தம்பி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேப்பமரத்தடி
கடைசியாக ஒன்று. மகன் எழுதினதில் அழகான பந்தி ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு டிவியில் மல்யுத்தம் பார்க்கிற பைத்தியமாம். தோற்கிறவனைப் புங்குடுதீவுத் தமிழில் திட்டுவாவாம். பேரப்பிள்ளைகள் தமிழ் பழகினதே அந்தத் திட்டிலிருந்துதான் என்கிறார். அறிவித்தலில் வைக்க வழியில்லை. விடவும் மனமில்லை. ‘சுறுசுறுப்பும் நகைச்சுவை உணர்வும் மிக்க அன்னார்’ என்று எழுதிப் பார்த்தேன். செத்த வசனம்.

கும்பகோணம் வாசகி
ஐயோ அந்த வரியை மட்டும் போட்டுடாதீங்க. யாருக்கு வேணா எழுதலாம் அப்படி.

பழைய அச்சுக்காரன்
பேப்பரில் இடத்துக்குக் காசு. உறவுக்கே இடம் போதாது. அதை 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலருக்கு வையும். அங்கே மகனின் பெயரில், மகன் கதைக்கிற மாதிரி, ‘அம்மா’ என்றே எழுதும். அன்னார் வேண்டாம். பேரப்பிள்ளைகள் எழுதினால் மகளின் பிள்ளைகள் ‘அம்மம்மா’, மகன்மாரின் பிள்ளைகள் ‘அப்பம்மா’ என்று தனித்தனியாக வரவேணும். ஆங்கிலத்தில் எல்லாம் கிரான்ட்மாதான். திட்டினதையும் போடலாம். எந்தத் திட்டு என்று பார்த்துப் போடும்.

வேப்பமரத்தடி
அனுப்பிவிட்டேன். புரூஃப் வந்தது. மற்றும் இருந்தது. ஆனால் சகலியைச் ‘சகோதரி’ என்று திருத்தியிருந்தார்கள். எழுத்துப்பிழை என்று நினைத்துவிட்டார்கள் போல. திருப்பி எழுதினேன், மாற்றிவிட்டார்கள்.

மாமியார் வரியில் மூன்று பெயரும் இருக்கிறது. மூத்த மகள் புரூஃபைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவுமில்லை.

தேனி ராசா
மேடம், அந்த நினைவு மலர் வந்ததும் மல்யுத்தப் பக்கத்தை மட்டும் இங்க போடுவீங்களா?